இழை அச்சுப்பொறியில் உயரமான பூச்சாடி

பள்ளிகளின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பலவற்றில் இழை அச்சுப்பொறி இடம்பெற்றுள்ளது. மாணவர் அதில் செய்ய விழையும் பொருள்களுள் பூச்சாடியும் ஒன்று. பார்வைக்கு எளியதாயினும், உயரமாகவும் உள்ளே வெற்றிடமாகவும் இருக்கும் சாடி, அச்சிடுவோரை எளிதில் ஏமாற்றக்கூடியது. சுவரின் தடிப்பு, பொருளை நிறுத்தும் திசை, தாங்கிகள் அமையும் இடம் ஆகிய மூன்றும் இதில் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஒன்றைத் தனியே தீர்மானித்தல் இயலாது.

எடுத்துக்காட்டாக ஒரு சாடியைக் கொள்வோம். அதன் உயரம் 240 மி.மீ. அடிப்பாகத்தின் விட்டம் 60 மி.மீ. அங்கிருந்து மெல்ல அகன்று, 150 மி.மீ. உயரத்தில் வயிறு 90 மி.மீ. விட்டம் பெறுகிறது. அதன்மேல் தோள், 12 மி.மீ. உயரத்திற்குள்ளாகவே 40 மி.மீ. கழுத்தாகக் குறுகுகிறது. உச்சியிலுள்ள வாய், கடைசி 10 மி.மீ. உயரத்தில் 80 மி.மீ. அளவுக்கு விரிகிறது. பொருள் பி.எல்.ஏ. இழை, நாசிலின் துளை 0.4 மி.மீ.; அது இடும் கோட்டின் அகலம் 0.45 மி.மீ.; ஒவ்வோர் அடுக்கின் உயரம் 0.2 மி.மீ.

முதலில் திசை. சாடியைப் படுக்கவைத்து அச்சிட்டால் அடுக்குகள் அதன் நீளவாட்டில் அமையும். கழுத்து எளிதில் ஒடியாது. ஆயினும் உருண்டையான பக்கம் தட்டின்மேல் ஒரு கோட்டளவே படிவதால் அடிமுழுதும் தாங்கி வேண்டும். உட்குழிவின் மேற்கூரைக்கும் வேண்டும். தலைகீழாக நிறுத்தினால், சாடியின் அடிப்பாகம் 60 மி.மீ. வட்டக் கூரையாகி, அதைத் தாங்க உள்ளே ஒரு தூண் எழுப்ப நேரும். பின்னர் அத்தூணைக் குறுகிய கழுத்தின் வழியே வெளியே எடுத்தல் இயலாது. ஆகவே நிமிர்ந்த நிலையே எஞ்சுகிறது. அதற்கும் ஒரு விலையுண்டு. அடுக்குகள் கிடையாக அமைவதால், வாயைப் பிடித்துத் தூக்கும்போது கழுத்தில் ஏற்படும் வளைவுவிசை அடுக்குகளைப் பிரிக்க முயலும். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான பிடிப்பு, கோட்டின் நீளவாட்டு வலிமையைவிடக் குறைவானது. அக்குறையைச் சுவரின் தடிப்பால் ஈடுசெய்தல் வேண்டும்.

சுவரின் தடிப்பைக் கோட்டின் அகலத்தின் மடங்காகக் கொள்வதே நேரிய வழி: ஒரு கோடு 0.45, இரண்டு 0.9, மூன்று 1.35 மி.மீ. வரைபடத்தில் 1.2 மி.மீ. என்று குறித்தால், இரு கோடுகள் போக 0.3 மி.மீ. மிஞ்சும். பழைய மென்பொருள்கள் அவ்விடத்தை வெற்றிடமாக விடும். அல்லது நடுங்கும் சிறு கோடுகளால் நிரப்பும். கோட்டின் அகலத்தையே மாற்றிச் சமன்செய்யும் புதிய முறைகள் வந்துள்ளன என்றாலும், மடங்காக அமைந்த சுவரே சீரானது.

ஒற்றைக் கோட்டுச் சாடிக்கு ஏறத்தாழ 30 கிராம் இழை போதும். மூன்று கோடுகளுக்கு 90 கிராம் அளவில் தேவைப்படும். சிக்கனம் ஒற்றைக் கோட்டின்பால் ஈர்த்தாலும், இவ்வுயரத்தில் அது தகாது. தட்டு முன்னும் பின்னும் நகரும் பொறிகளில், மெல்லிய சுவர் மேலே செல்லச்செல்ல ஆடும்; ஆட்டம் சுவரில் அலைபோன்ற தடங்களாகத் தெரியும். மேலும், கழுத்தின் சுற்றளவு சுமார் 126 மி.மீ.தான். நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் ஒற்றைக் கோடு இரண்டரை நொடியில் முடிந்துவிடும். கீழடுக்கு இறுகுமுன் மேலடுக்கு விழுவதால் கழுத்து குழைந்து நெளியும். மூன்று கோடுகளாயின் ஏழரை நொடி கிடைக்கும். அடுக்கொன்றுக்குக் குறைந்தது 10 நொடி என்று விதித்துவிட்டால் பொறி தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். தண்ணீர் வைக்கும் சாடிக்கும் மூன்று கோடுகளே ஏற்றவை. ஒரு கோட்டில் விழும் நுண்துளையை அடுத்த கோடு மூடுகிறது.

எனினும் தடிப்பு மட்டும் தோளைக் காப்பாற்றாது. இங்கேதான் பலர் தவறுகின்றனர். தோள் 12 மி.மீ. உயரத்தில் 25 மி.மீ. உள்நோக்கிச் சாய்கிறது. அதாவது ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதைவிட ஏறத்தாழ 0.42 மி.மீ. உள்ளே தள்ளி விழும். 0.45 மி.மீ. அகலமுள்ள உட்கோட்டுக்குக் கீழே பற்றுதலாக இருப்பது 0.03 மி.மீ. மட்டுமே, கோடு ஏறக்குறைய வெற்றிடத்தில் தொங்குகிறது. அஃதன்றி, 1.35 மி.மீ. என்பது கிடையாக அளந்த தடிப்பு. இச்சரிவில் சுவருக்குச் செங்குத்தாக அளந்தால் 0.6 மி.மீ. கூடத் தேறாது. கண்ணுக்குத் தடித்ததாகத் தோன்றும் சாடி தோளில் கசிவதன் காரணம் இதுவே.

தாங்கி வைத்தால் என்ன எனில், தொங்குவது தோளின் உட்பக்கம். தாங்கி சாடியின் உள்தரையிலிருந்து 150 மி.மீ. உயரத் தூணாக எழும். அதை 40 மி.மீ.க்கும் குறைந்த கழுத்துவழியே பிய்த்தெடுப்பது எளிதன்று. கியூரா மென்பொருளில் `Everywhere` என்று தேர்ந்தால் இத்தூண் தோன்றும். `Touching Buildplate` என்று தேர்ந்தால் தோளுக்கும் தாங்கியில்லை, வாய்க்கும் இல்லை. ஏனெனில் 80 மி.மீ. வாயின் நேர்கீழே தட்டன்று, 90 மி.மீ. வயிறே உள்ளது. அச்சிடுமுன் மென்பொருளின் அடுக்குக் காட்சியில் இதைப் பார்த்தறியலாம், பார்ப்போர் சிலரே.

ஆதலின் தாங்கியைத் தேடுவதைவிட உருவத்தைத் திருத்துதல் நன்று. மொத்த உயரத்தை மாற்றாமல், தோளுக்கு 30 மி.மீ., கழுத்துக்கு 35 மி.மீ., வாய்க்கு 25 மி.மீ. எனப் பங்கிடலாம். அப்போது தோளில் அடுக்குக்கு அடுக்கு நகர்வு 0.17 மி.மீ.; வாயில் 0.16 மி.மீ. கோட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் கீழடுக்கின்மீது அமர்ந்துவிடும். செங்குத்திலிருந்து சாய்வு 40 பாகைக்குள் அடங்குவதால் தாங்கியே வேண்டுவதில்லை. தோளின் மெய்யான தடிப்பும் 1 மி.மீ. அளவுக்கு உயர்கிறது.

சில வேளைகளில் உருவத்தை மாற்ற இயலாது. பழைய கலம் ஒன்றின் படியெடுத்தல் அத்தகையது. அப்போது சாடியைத் தோளின் அடியில், 150 மி.மீ. உயரத்தில், இரண்டாக அறுத்து அச்சிட்டு ஒட்டுதல் வேண்டும். கீழ்ப்பாதி திறந்த கிண்ணமாதலின் தாங்கியின்றி எழும். மேற்பாதியை நிமிர்த்தியே அச்சிட்டால், தோளின் உட்பக்கத் தாங்கி தட்டிலிருந்து எழும், 90 மி.மீ. திறப்பின் வழியே அதை எளிதில் நீக்கலாம்; நீக்கிய வடுவும் உள்ளே மறைந்துவிடும். தாங்கிக்கும் பொருளுக்கும் இடையே ஓர் அடுக்கின் அளவு, அதாவது 0.2 மி.மீ., இடைவெளி விடுதல் வேண்டும். வாய்க்கான தாங்கி தோளின் வெளிப்பக்கத்தில் நின்று அங்கே தடம் பதிக்கும். அதைத் தவிர்க்க வழியில்லை, உப்புத்தாளால் தேய்த்துக் கொள்வதே முறை.

60 மி.மீ. அடியின்மேல் 240 மி.மீ. எழுவதால், அடியைச் சுற்றி 6 முதல் 8 மி.மீ. வரை பிரிம் எனப்படும் மெல்லிய பட்டை இடுதல் வேண்டும். சரிவுகளில் கோட்டின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் நாசில் அதை இடிக்கும். டக்டக்கென்ற ஒலி அதன் அறிகுறி. பிடிப்பற்ற சாடி அவ்விடியில் தட்டைவிட்டுப் பெயர்ந்துவிடும், பெரும்பாலும் பல மணி நேர வேலைக்குப் பிறகே.

முடிந்த சாடியில் நீர் நிரப்பிச் செய்தித்தாளின்மேல் ஓர் இரவு வைத்தல் வேண்டும். தாளில் வளையமாக ஈரம் படிந்தால் அடியிலும், ஒருபுறம் மட்டும் படிந்தால் கோடுகள் தொடங்கி முடியும் தையலிலும் கசிவு உண்டென்று கொள்ளலாம். பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கோடையில் வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் இச்சாடியை விட்டுச் செல்லுதல் ஆகாது.