20 கோடிக்கு 18 கோடிதான் செலவு: மிச்சமா, நட்டமா?

உங்கள் தொழிற்பேட்டைக்குப் பத்து கிலோமீட்டர் சாலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு 40 கோடி ரூபாய். ஜனவரியில் தொடங்கி அக்டோபர் இறுதியில் முடிய வேண்டும். மே மாத அறிக்கை கைக்கு வருகிறது. மே இறுதிக்குள் 20 கோடி செலவாகும் என்பது திட்டம், ஆனது 18 கோடி. 2 கோடி மிச்சம் என்று தோன்றுகிறதா?

அவசரப்படாதீர்கள். வேலை குறைவாக நடந்தாலும் செலவு குறையத்தான் செய்யும். ஆகவே மூன்றாவதாக ஓர் எண் வேண்டும்: எர்ன்ட் வேல்யூ (முடிந்த வேலைக்கு மதிப்பீட்டு விலைப்படி வரும் தொகை). நம் சாலையில் அது 16 கோடி.

இனி இரண்டு கழித்தல்கள்தான். 16 கோடி வேலைக்கு 18 கோடி ஆகியிருக்கிறது, ஆகவே செலவு வேறுபாடு மைனஸ் 2 கோடி. 20 கோடி வேலை முடிந்திருக்க வேண்டிய நாளில் 16 கோடி வேலைதான் முடிந்திருக்கிறது, ஆகவே கால வேறுபாடு மைனஸ் 4 கோடி. மிச்சம் என்று நினைத்த சாலை உண்மையில் இரண்டு பக்கமும் பின்தங்கி நிற்கிறது.

அந்த 16 கோடியை யார் முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். "பாதி வேலை முடிந்தது" என்ற வாய்வார்த்தையில் அந்த எண் வரக் கூடாது. அளந்து, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறிய வேலையும், இறுக்கச் சோதனையில் தேறிய அடுக்கும்தான் கணக்கு. சாலையோரம் குவித்த ஜல்லி சாலை ஆகாது. அதைப் பரப்பி உருளை ஓட்டினால்தான் மதிப்பு. செலவுப் பக்கமும் அப்படியே. முடிந்த வேலைக்கு பில் இன்னும் வரவில்லை என்று அந்தத் தொகையை விட்டுவிட்டால், இல்லாத மிச்சம் தெரியும்.

மொத்த எண் சரி, கோளாறு எங்கே? வேலைவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். நம் உதாரணத்தில் மண் வேலை 8 கோடிக்கு நடந்திருக்க வேண்டும், எட்டரைக் கோடிக்கு நடந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆன செலவு பத்தரைக் கோடி. காரணம் கரிசல் மண். நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் பிளக்கும் அந்த மண்ணை நினைத்ததைவிட ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்ட வேண்டியிருந்தது. அளந்து பணம் தரும் ஒப்பந்தம் என்றால் அந்தக் கூடுதல் அளவுக்கான பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

சிறுபாலங்களில் 4 கோடி வேலைக்கு ஒன்றரைக் கோடிதான் முடிந்திருக்கிறது. ஜல்லி அடுக்கில் 8 கோடிக்கு 6 கோடி. இரண்டிலும் செலவு மதிப்பீட்டின்படியே ஆகியிருக்கிறது, தாமதம் மட்டும்தான். ஒப்பந்ததாரர் சுலபமான மண் வேலையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சிறுபாலம் முடியாத இடத்தில் ஜல்லி போட முடியாது என்பதால் ஒன்றின் தாமதம் மற்றதையும் இழுக்கிறது.

மைனஸ் 4 கோடி என்றால் எத்தனை நாள் தாமதம்? ரூபாய் அதைச் சொல்லாது. திட்டத்தில் 16 கோடி வேலை எந்தத் தேதியில் முடிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். ஏப்ரல் இறுதி என்றால் ஒரு மாதம் பின்தங்கியிருக்கிறீர்கள். செப்டம்பர், அக்டோபரில் போட நினைத்த தார், அக்டோபர், நவம்பருக்குப் போகும். அது வடகிழக்குப் பருவமழை நேரம். ஈரத் தளத்தில் தார் பிடிக்காது, எனவே ஒரு மாதத் தாமதம் ஜனவரி வரை நீண்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலை முழுவதும் முடிந்த நாளில், எவ்வளவு தாமதமாக முடிந்திருந்தாலும், கால வேறுபாடு பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். கடைசி மாதங்களில் அந்த எண் குறைவதைப் பார்த்து நிம்மதி அடையாமல் தேதியைப் பாருங்கள்.

மொத்தத்தில் எவ்வளவு கேட்பார்கள்? இதே போக்கு நீடித்தால் 40 கோடியை 18-ஆல் பெருக்கி 16-ஆல் வகுக்க வேண்டும்: 45 கோடி. கரிசல் மண் பகுதி முடிந்துவிட்டது, மீதி 24 கோடி வேலை மதிப்பீட்டு விலையிலேயே நடக்கும் என்றால் 42 கோடி போதும். அறிக்கை இவற்றில் எதைச் சொல்கிறது, ஏன் என்று கேளுங்கள். மீதிப் பாதையில் மண் சோதனை முடிவுகளைக் காட்டாமல் 42 என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, தாமதம் யாரால் என்பதைப் பிரித்துப் பாருங்கள். பழைய குடிநீர்க் குழாய் குறுக்கே கிடப்பதால் சிறுபாலம் நிற்கிறது, அதை மாற்றித் தருவது ஒப்பந்தப்படி உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அபராதம் போட முடியாது, ஒப்பந்ததாரர்தான் கூடுதல் காலம் கேட்பார், சும்மா நின்ற இயந்திரங்களுக்கு இழப்பீடும் கேட்கலாம். அந்தக் குழாயை மாற்றும் தேதியை அடுத்த அறிக்கை வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.