வளையத்தை இழுத்தால் எவ்வளவு நீளும்? பற்றவைப்பு விட்டால்?

10 மி.மீ. கம்பியை வளைத்து, முனைகளைப் பற்றவைத்துச் செய்த ஒரு இரும்பு வளையம். நடு ஆரம் R = 50 மி.மீ. மேலேயும் கீழேயும் பிடித்து 1000 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 100 கிலோ எடை அளவுக்கு, இழுக்கிறோம். பற்றவைப்பு பக்கவாட்டில் இருக்கிறது. எவ்வளவு நீளும்?

வளையத்தை நடுவில் கிடையாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சமச்சீர் காரணமாக இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி, P/2, சுமக்கும். ஆனா அந்த வெட்டில் ஒரு பெண்டிங் மொமென்ட்டும் (M0) இருக்கும். அதைச் சமநிலைச் சமன்பாடுகள் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இங்கேதான் காஸ்டிக்லியானோ (1873) உதவுகிறார். வளைவதால் கம்பியில் சேரும் ஆற்றல் U என்றால், அதை ஒரு விசையால் வகையிட்டால் அந்த விசையின் திசையில் நகர்ச்சி கிடைக்கும். மொமென்ட்டால் வகையிட்டால் சுழற்சி. பக்கவாட்டு வெட்டு சமச்சீரால் சுழலவே சுழலாது. ஆக ∂U/∂M0 = 0. காணாமல் போன சமன்பாடு இதுதான்!

கோணம் θ-வைப் பக்கவாட்டிலிருந்து அளந்தால்:

```
M  = M0 − (PR/2)(1 − cos θ)
M0 = (PR/2)(1 − 2/π) = 0.182 PR
இழுக்கும் இடத்தில் |M| = PR/π = 0.318 PR
δ  = ∂U/∂P = (π/4 − 2/π) PR³/EI = 0.149 PR³/EI
```

E = 200 GPa, I = 491 மி.மீ⁴ என்று போட்டால் δ சுமார் 0.19 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. அதிகபட்ச வளைவுத் தகைவு இழுக்கும் இடத்தில், சுமார் 162 MPa. அங்கே வளையம் இன்னும் கூர்மையாக வளைவதால் இழுபடுவது வெளிப்பக்கம். பக்கவாட்டில் நேர் எதிர்: அங்கே உள்பக்கம்தான் இழுபடும். விரிசலைத் தேடுபவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போ பற்றவைப்பு விட்டுப்போச்சு என்று வையுங்கள். அந்தப் பக்கம் எதையும் சுமக்காது. முழு P-யும் எதிர்ப்பக்க அரைவட்டத்தின் தலையில். விசை அதே விட்டத்தில் இருப்பதாகக் கொண்டால், தெரியாத M0 என்று எதுவும் மிச்சமில்லை. கோணம் α-வை இழுக்கும் இடத்திலிருந்து அளந்தால்:

```
M = PR sin α
δ = (π/2) PR³/EI = 1.571 PR³/EI
```

0.149 எங்கே, 1.571 எங்கே! பத்தரை மடங்கு. கணக்குப்படி 2 மி.மீ. ஆனா அந்த 2 மி.மீ.-ஐ அப்படியே நம்பக் கூடாது. அதிகபட்ச மொமென்ட் இப்போ PR. தகைவு 509 MPa வருது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 MPa பக்கத்திலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். அதனால் உண்மையில் வளையம் 2 மி.மீ.-ஐத் தாண்டித் திறந்துகொண்டே போகும். சுமையை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

இந்தக் கணக்கு மெல்லிய வளையத்துக்கு. இங்கே ஆரம் கம்பி விட்டத்தைப் போல 5 மடங்கு, அதனால் பிழை சிறிது. நிஜச் சங்கிலிக் கண்ணியில் வளைவின் ஆரம் கிட்டத்தட்ட கம்பி விட்டத்தளவுதான். பக்கங்களும் நேராக இருக்கும், பக்கத்துக் கண்ணியும் ஒரு புள்ளியில் தொடாமல் பரவலாக அழுத்தும். அதற்கு U-வில் நேர் பகுதிகளையும் இழுவிசையின் பங்கையும் சேர்க்கணும், வளைந்த பகுதிக்கு வின்க்லரின் வளைந்த உத்திரச் சூத்திரமும் வேணும். ஆனா M0-வைக் கண்டுபிடிக்கும் வழி அங்கேயும் இதே ∂U/∂M0 = 0 தான்.