கூட்டல் கழித்தல் முப்பது

தொல்லியல் கருத்தரங்கின் திரையில் இப்படி ஒரு வரி வரும்: 2200 ± 30 BP. கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை எடுத்த கரி மாதிரிகளில் ஒன்றுக்குக் கிடைத்த அளவு இது. இன்னொன்றுக்கு 2160 ± 30. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகம் கொடுத்த இந்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பலர் 2200ஐ மட்டும் படித்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் 30 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் 2200க்கும் பொருள் விளங்கும்.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்று கார்பன்-14. மரம் செத்ததும் வரவு நிற்கிறது, சிதைவு மட்டும் தொடர்கிறது. சுமார் 5730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகிறது. கீழடிக் கரியில் எஞ்சியிருந்தது, இன்று வெட்டிய மரத்தில் இருக்க வேண்டியதில் சுமார் 76 விழுக்காடு. அந்த விழுக்காட்டைத்தான் ஆய்வகம் ஆண்டுகளாக மாற்றித் தருகிறது.

மாதிரியிலுள்ள கார்பன்-14 அணுக்களை முடுக்கிக் கருவி ஒவ்வொன்றாக எண்ணுகிறது. எண்ணிக்கையில் ஒரு விழுக்காடு பிசகினால் வயதில் 80 ஆண்டுகள் பிசகும். எண்ணுவதோ தற்செயலாக வந்து விழும் அணுக்களை. அதே கரியை மறுபடி எண்ணினால் அதே தொகை வராது. 10,000 அணுக்களை எண்ணினால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது ஒரு விழுக்காடு இருக்கும். அதை 30 ஆண்டுகளுக்குள் கொண்டுவர 70,000 வரை எண்ண வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ணியாக வேண்டும். ஒப்பீட்டு மாதிரியை அளப்பதிலும் கரியைச் சுத்தம் செய்வதிலும் வரும் ஐயங்களும் இதில் சேரும். ஆக, 30 என்பது யாரோ செய்த தவறின் அளவு அல்ல. எவ்வளவு நுட்பமாக அளக்க முடிந்தது என்று ஆய்வகம் தரும் வாக்குமூலம்.

அந்த வாக்குமூலமும் முழு உறுதி தருவதில்லை. உண்மையான அளவு 2170க்கும் 2230க்கும் இடையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மீதி ஒரு பங்கு வெளியே. எல்லையை ±60 என்று விரித்தால் வாய்ப்பு 95 விழுக்காடு. 2200, 2160 இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, முதல் கரி 40 ஆண்டு மூத்தது என்று ஒருவர் சொன்னால் ஏற்க முடியாது. இரு பிழைகளும் சேர்ந்தால் வித்தியாசத்தின் பிழை மட்டுமே 42 ஆண்டுகள். இரண்டும் ஒரே நாளில் வெட்டிய மரங்களாகவும் இருக்கலாம்.

அடுத்தது BP. 'இன்றைக்கு முன்' என்பதில் வரும் 'இன்று' 1950ஆம் ஆண்டு என்று முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். 2200இலிருந்து 1950ஐக் கழித்து கி.மு. 250 என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. வயதை வளையம் வளையமாக எண்ணிவிட்ட மரங்களில் அதை அளந்து, திருத்த வளைகோடு வரைந்திருக்கிறார்கள். இப்போது வழக்கில் இருப்பது 2020இல் வெளியான IntCal20. அதில் 2200 ± 30ஐப் பொருத்தினால், 95 விழுக்காடு வாய்ப்போடு ஏறத்தாழ கி.மு. 370 முதல் 170 வரை வருகிறது. முப்பது ஆண்டுப் பிழை இருநூறு ஆண்டுப் பரப்பாகிவிட்டது. 2160க்கோ வாய்ப்பு இரண்டு மேடுகளாகப் பிரிகிறது: ஒன்று கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, மற்றது பெரும்பாலும் 2ஆம் நூற்றாண்டில். இரண்டுக்கும் நடுவே சராசரி போட்டால், வாய்ப்பு குறைந்த பள்ளத்தில் போய் விழுவோம்.

கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் நிலைமை இன்னும் கடினம். அங்கே வளைகோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. நானூறு ஆண்டுகளில் எந்த ஆண்டில் செத்த மரமும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். ஆய்வகம் இன்னும் அதிகமாக எண்ணினாலும் இங்கே பெரிதாக உதவாது. பின்னர் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்த, கீழடியின் கி.மு. 580 என்ற காலம் இந்தப் பரப்பில்தான் வருகிறது. அதனால் ஸ்லைடில் அந்த ஒற்றை எண் மட்டும் இருந்தால், முழு எல்லை என்ன, திருத்தியதா திருத்தாததா என்று கேட்பது நம் உரிமை.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது கரியின் வயதுதான். பக்கத்தில் கிடந்த பானையின் வயதல்ல. பெரிய மரத்தின் வைரம் பாய்ந்த உள்பகுதி, மரத்தை வெட்டுவதற்கு நூறு ஆண்டு முன்பே கார்பன் வாங்குவதை நிறுத்தியிருக்கும். அந்தப் பிழை ±30க்குள் அடங்காது, எந்தக் கருவிக்கும் தெரியாது. பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமப் பானைக்குள் கிடைத்த நெல் இதனால்தான் மதிப்புள்ள மாதிரி: ஒரே பருவத்தில் விளைந்தது, அடக்கம் செய்தபோது வைத்தது.