யாருடைய ‘டாஸைன்’?

ஜெர்மன் பேசும் வீட்டில் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் ‘இஹ் பின் டா’ என்று குரல் கொடுப்பார். ‘வந்துட்டேன்’ என்று பொருள். காய்ச்சலில் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதே மூன்று சொற்களைச் சொன்னால் ‘பயப்படாதே, நான் இருக்கேன்’ என்று பொருள். இந்த ‘டா’வோடு, ‘இருத்தல்’ என்று பொருள்படும் ‘ஸைன்’ சேர்ந்தால் ‘டாஸைன்’. ஜெர்மானியருக்கு இது வாழ்க்கை, இருப்பு என்பதற்கான பழகிய சொல். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் 1860இல் ஜெர்மனுக்குப் போனபோது, ‘வாழ்க்கைப் போராட்டம்’ என்ற தொடரை மொழிபெயர்ப்பாளர் ப்ரோன் ‘டாஸைனுக்கான போராட்டம்’ என்றே எழுதினார். வாசகர் யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

அதே சொல் தத்துவப் புத்தகம் ஒன்றின் வழியாக ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் வரும்போது மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. ‘வெல்ட்டன்ஷாவுங்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘இவை மொழிபெயர்க்கவே முடியாத சொற்கள்’ என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அந்தக் காரணம் பாதிதான் சரி. மீதியைப் பார்க்க ‘டாஸைன்’ என்ற ஒற்றைச் சொல்லின் பயணமே போதும்.

ஐரோப்பியத் தத்துவம் நெடுங்காலம் லத்தீனில் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேராசிரியர்கள் தங்கள் சொந்த மொழியில் எழுதத் தொடங்கியபோது, லத்தீன் கலைச்சொற்களுக்கு ஈடாக வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ‘எக்ஸிஸ்டென்ஷியா’ என்ற லத்தீன் சொல்லின் இடத்துக்கு ‘டாஸைன்’ வந்தது. 1763இல் கான்ட், கடவுளின் ‘டாஸைன்’ இருப்பதை மெய்ப்பிக்க என்ன அடிப்படை உண்டு என்று ஒரு நூல் எழுதினார். கடவுள் இருக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. அந்த நூலைத் தமிழாக்குபவர் ‘கடவுளின் இருப்பு’ என்று எழுதினால் எந்தக் குறையும் இல்லை. அடுத்து வந்த ஹேகல் அதே சொல்லை வேறு வேலைக்கு வைத்தார். வெறும் ‘இருத்தல்’ வெறுமையானது. அது ‘இன்னது’ என்று வரையறுக்கப்பட்டு நிற்கும் நிலைக்கு அவர் ‘டாஸைன்’ என்று பெயரிட்டார். அதனால் ஹேகலின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ‘வரையறுக்கப்பட்ட இருப்பு’ என்று பெயர்த்தார். இன்னொருவர் ‘இருப்பு’ என்றே விட்டார். இதுவரை சொல் மொழிபெயர்ப்புக்கு மசிந்துகொண்டுதான் இருந்தது.

மசியாமல் போனது 1927இல். அந்த ஆண்டு மார்ட்டின் ஹைடெகரின் ‘ஸைன் உன்ட் ஸைட்’ வெளிவந்தது. தமிழில் ‘இருத்தலும் காலமும்’ எனலாம். ‘இருத்தல் என்றால் என்ன?’ என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஒன்றுக்கு, தன் இருத்தலே தனக்கு ஒரு பிரச்சினையாக இருக்கும் ஒன்றுக்கு, அவர் ‘டாஸைன்’ என்று பெயர் வைத்தார். கல் இருக்கிறது, ஆனால் ‘நான் எப்படி இருக்கப்போகிறேன்’ என்று அது கவலைப்படுவதில்லை. நாம் படுகிறோம். வேலையை விடலாமா, ஊருக்குத் திரும்பலாமா, இந்த வாழ்க்கை என்னுடையதுதானா என்று நம் இருத்தல் ஒவ்வொரு நாளும் நம் கையில் ஒரு கேள்வியாக வந்து விழுகிறது. ஆகவே ஹைடெகரின் கணக்கில் கல் ‘டாஸைன்’ அல்ல. கடவுளும் அல்ல. கான்ட் எந்தக் கடவுளின் ‘டாஸைனை’ மெய்ப்பிக்க முயன்றாரோ, அந்தக் கடவுளுக்கே 164 ஆண்டுகள் கழித்து அந்தச் சொல்லுக்குள் இடமில்லாமல் போயிற்று. எழுத்து மாறவில்லை, சொல் மாறிவிட்டது.

இப்போது இதைத் தமிழாக்க முயல்வோம். ‘மனிதன்’ என்று எழுதலாமா? மனிதன் என்றதும் உடல், உயிர், அறிவு என்று நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் விளக்கங்கள் எல்லாம் கூடவே வந்துவிடும். அவை வரக்கூடாது என்பதற்காகவே ஹைடெகர் அந்தச் சொல்லை ஒதுக்கினார். ‘தன்னுணர்வு’ என்றால் உள்ளே ஒரு மனம், வெளியே ஓர் உலகம் என்ற பிரிவினை வந்துவிடும். அவருடைய வாதமோ நாம் எப்போதும் உலகத்துக்குள்ளேயே, அதில் ஈடுபட்டபடியே இருக்கிறோம் என்பது.

கான்டுக்குப் பொருந்திய ‘இருப்பு’ இங்கே உதவுமா? கடைக்காரர் ‘சரக்கு இருப்பு இருக்கா?’ என்று கேட்கும்போதும் அதே சொல்தான். கையிருப்பு, இருப்புப் பதிவேடு எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஜெர்மனில் சரக்கு கைவசம் இருக்கிறது என்பதற்கு ‘ஃபோர்ஹாண்டன்’ என்பார்கள். ‘கைக்கு முன்னால்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஹைடெகர் அந்த அன்றாடச் சொல்லையும் எடுத்து, கல்லும் பெட்டியும் வெறுமனே கிடக்கும் விதத்துக்குப் பெயராக வைத்தார். அந்த விதத்தில் இருக்காதது எதுவோ அதுதான் ‘டாஸைன்’. ஆக ‘கையிருப்பு’ அவருடைய எதிர்ச்சொல்லுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. அதனாலேயே ‘டாஸைன்’ இருக்கும் இடத்தில் ‘இருப்பு’ என்று எழுதினால் நூலின் முதன்மையான வேறுபாடு அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகும்.

‘அங்கே-இருத்தல்’ என்று கூறுகளாகப் பிரித்துப் பார்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஜெர்மனில் ‘ஹியர்’ என்றால் இங்கே, ‘டோர்ட்’ என்றால் அங்கே. ‘டா’ இரண்டுக்கும் நடுவே நின்று, இடத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் சாயும். தமிழில் இ, அ என்ற சுட்டுகளுக்கு இடையே ‘உ’ என்ற ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘உது’, ‘உங்கை’ என்று அது இன்றும் வாழ்கிறது. ஜெர்மன் ‘டா’ முழுக்க அதுவே அல்ல. ஆனால் இங்கேயும் அங்கேயும் மட்டும்தான் சுட்டுகள் என்று நினைப்பவரைவிட, ‘உங்கை’ என்று சொல்லி வளர்ந்தவர் அதை எளிதாகப் பிடித்துக்கொள்வார்.

தவறாக மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ் சாட்சி. 1938இல் ஆன்ரி கோர்பன் ஹைடெகரின் கட்டுரைகளைப் பிரெஞ்சில் தந்தபோது ‘டாஸைன்’ என்பதை ‘மனித யதார்த்தம்’ என்று பெயர்த்தார். படிக்க எளிதாக இருந்தது. சார்த்தர் அந்தத் தொடரை எடுத்துக்கொண்டு 1943இல் தம்முடைய பெரிய நூலை எழுதினார். ஹைடெகரும் மனிதனை மையத்தில் வைக்கும் தத்துவவாதிதான் என்ற எண்ணம் அங்கே பரவியது. ஷான் போஃப்ரே என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியருக்கு 1945இல் எழுதிய கடிதத்தில் ஹைடெகரே ஒரு மாற்றுத் தொடரை முன்வைத்தார். அது முறையான பிரெஞ்சாக இருக்குமா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அடுத்து அதே போஃப்ரேவுக்கு எழுதிய கடிதம் விரிந்து ‘மனிதநேயம் பற்றிய கடிதம்’ என்ற நூலாயிற்று. சார்த்தரின் வழி தம் வழி அல்ல என்று அதில் விளக்கினார். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு கிளப்பிய குழப்பத்தைத் தீர்க்க ஆசிரியரே மீண்டும் பேனா எடுக்க வேண்டியதாயிற்று. பிற்காலப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் ‘டாஸைன்’ என்றே விட்டுவிட்டன. 1962இல் ஆங்கிலத்தில் நூல் முழுவதையும் பெயர்த்த மக்குவாரியும் ராபின்சனும் அதையே செய்தார்கள்.

அப்படியானால் இது மொழிபெயர்க்கவே முடியாத சொல்தானா? இத்தாலி ‘இல்லை’ என்கிறது. ‘அங்கே’, ‘இங்கே’ இரண்டையும் தளர்வாகச் சுட்டும் ‘சி’ என்ற சிறு சொல் இத்தாலிய மொழியில் இருக்கிறது. பியெத்ரோ கியோடி 1953இல் அதை இருத்தல் வினையோடு ஒட்டி ‘எஸ்ஸெர்ச்சி’ என்று எழுதினார். இத்தாலியரும் அன்றாடம் பேசும் சொல் அது. ஜெர்மன் சொல்லின் இரு கூறுகளும் அதில் அப்படியே கிடைக்கின்றன. இத்தாலியத் தத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே தடை சொல்லின் ஆழத்தில் இல்லை. பெறும் மொழியின் கையில் பொருத்தமான உறுப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

‘வெல்ட்டன்ஷாவுங்’ இதற்கு நேர்மாறான கதை. ‘வெல்ட்’ உலகம், ‘அன்ஷாவுங்’ நேராகக் காணுதல். 1790இல் கான்ட் இதை ஒரே ஓர் இடத்தில், உலகத்தைப் புலன்களால் காண்பது என்ற எளிய பொருளில் எழுதினார். சில பத்தாண்டுகளில் அது ‘வாழ்க்கையையும் உலகத்தையும் ஒட்டுமொத்தமாகப் புரிந்துகொள்ளும் முறை’ என்று வளர்ந்தது. இதை மொழிபெயர்ப்பது கடினமாக இல்லை. ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டது. தமிழில் மார்க்சிய நூல்கள் ‘உலகக் கண்ணோட்டம்’ என்ற தொடரைப் பரப்பின. திருக்குறளின் 58ஆவது அதிகாரத்தில் இரக்கம் என்று பொருள்பட்ட ‘கண்ணோட்டம்’ இன்று ‘பார்வைக் கோணம்’ ஆகிவிட்டது. சொற்கள் வேலை மாறுவது ஜெர்மனில் மட்டும் நடப்பதல்ல.

பிறகு ஏன் சிலர் ஜெர்மன் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள்? அந்தச் சொல்லின் மேல் ஏறிய வரலாற்றுக்காக. 1933இல் வெளிவந்த உரை ஒன்றில் பிராய்ட், இது தனி ஜெர்மன் கருத்து, வேற்றுமொழிகளில் சிக்கல் தரும் என்று சொல்லிவிட்டு, எந்தக் கேள்வியையும் பதிலில்லாமல் விடாத முழுமையான அமைப்பு என்று அதை வரையறுத்தார். உளப்பகுப்பாய்வு அப்படி ஒன்றைத் தராது என்றார். அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த நாஜிகள் அந்தச் சொல்லைக் கட்சியின் முத்திரையாக்கினார்கள். அவர்களின் பேச்சுமொழியை நாட்குறிப்பில் பதிந்த மொழியறிஞர் விக்டர் கிளம்பரர், சிந்தித்துக் கட்டும் ‘அமைப்பு’ என்ற சொல்லை அவர்கள் வெறுத்து, வெறும் ‘காணல்’ தொனிக்கும் இந்தச் சொல்லை விரும்பியதைக் கவனித்தார். அந்தக் கால வரலாற்றை எழுதுகிறவர் ஜெர்மன் சொல்லை வைப்பதில் நியாயம் உண்டு. ஓர் எழுத்தாளரின் பொதுவான வாழ்க்கைப் பார்வையைச் சொல்ல அதையே எழுதினால் அது வெறும் நகை. ‘உலகப் பார்வை’ என்று மாற்றிப் பாருங்கள், வாக்கியத்தில் எதுவும் குறையாது.

சொல்லை அப்படியே விடுவதற்கும் விலை உண்டு. ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும், மேசையும் ரொட்டியும்கூட. ஆங்கிலப் பக்கத்தில் ‘டாஸைன்’ மட்டும் பெரிய எழுத்தோடு, அயல் உச்சரிப்போடு நிற்கும்போது மந்திரம்போல் தோன்றுகிறது. ஜெர்மன் வாசகர் காதில் அது இன்னமும் ‘வந்துட்டேன்’, ‘இருக்கேன்’ என்ற குரலோடு ஒட்டியே ஒலிக்கிறது. மொழிபெயர்த்தால் ஹைடெகர் கொடுத்த புதுப் பொருள் போகும். விட்டுவைத்தால் அவர் எடுத்துக்கொண்ட பழைய எளிமை போகும். எதை இழப்பது என்று மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

என் முடிவு இது. கான்டின் ‘டாஸைன்’ தமிழில் ‘இருப்பு’ ஆகட்டும். ஹேகலுடையது ‘வரையறுத்த இருப்பு’ ஆகட்டும். ஹைடெகருடையது ‘டாஸைன்’ என்றே நிற்கட்டும். ஆனால் முதல்முறை வரும் இடத்தில், அது ஜெர்மன் வீடுகளில் புழங்கும் சொல் என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் சொல்லட்டும். வாசகராக நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது யாருடைய டாஸைன்?’ என்று கேளுங்கள்.