மாலை 4 முதல் 8 வரை டாக்டர்: கூலியை விடாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி?

கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். காலை ஓ.பி.யில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய கூலியை விட வேண்டும். அதனால்தான் பலர் காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தோதாக மாலையிலும் திறந்திருப்பவைதான் தமிழக அரசின் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கென 708 மையங்கள் திட்டமிடப்பட்டு, முதல் 500 மையங்கள் 2023 ஜூன் 6-ம் தேதி திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என இரண்டு வேளை ஓ.பி. உண்டு. மையத்துக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். டாக்டரைப் பார்க்கவும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் நேரம் வேறு; மாலையில் டாக்டர் இருப்பாரா என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

காய்ச்சல், சளி, காயத்துக்குக் கட்டு, பி.பி., சுகர் மாத்திரை போன்றவற்றுக்கு மாலை ஓ.பி. போதும். பலருக்கும் சந்தேகம் வருவது சுகர் டெஸ்ட்டில்தான். ‘வெறும் வயிற்றில்தானே எடுக்கணும், சாயங்காலம் போய் என்ன பயன்?’ என்று கேட்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. தோட்ட வேலைக்குப் போகும் 45 வயதுப் பெண்ணுக்குச் சில வாரங்களாக அதிகத் தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காலில் ஆறாத புண். மதியம் சோறு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட டீ, மாலை 6.30-க்கு மையத்துக்கு வருகிறார். அப்போது எடுக்கும் சுகர் 230 என்று வந்தால், இந்த அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அது நீரிழிவுதான். இதற்கான எல்லை 200. அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

அதே டெஸ்ட்டில் 160 வந்தால்? ‘200-க்குக் கீழேதானே’ என்று விட்டுவிடக் கூடாது. டீ குடித்ததால் ஏறியிருக்கலாம், நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இதைத் தீர்மானிக்க மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ டெஸ்ட் இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றிவிடும். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். மையத்தில் இந்த டெஸ்ட் இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெறும் வயிற்று டெஸ்ட்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வேலை இல்லாத ஒரு நாள் காலையில் வரலாம். அதற்கு முன் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்கக் கூடாது. நோய் உறுதியான பிறகு, மாதாமாதம் மாத்திரை வாங்க மாலையே போதும்.

பி.பி. பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. ஜீப்பை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்ததும் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்த பிறகு பாருங்கள். 140-க்கு 90 என்று ஒருமுறை வந்தாலே பயப்பட வேண்டாம். இன்னொரு நாளும் அப்படியே வந்தால்தான் பொதுவாகச் சிகிச்சை பற்றி யோசிப்பார்கள்.

மாலை ஓ.பி.க்காகக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழந்தைக்கு வலிப்பு, பாம்புக்கடி, மருந்தடிக்கும்போது வரும் மயக்கம் அல்லது வாந்தி இவற்றுக்கு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேனியைச் சுற்றியுள்ளவர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பு கடித்த இடத்தை இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். அந்தக் கை, காலை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். பூச்சிமருந்து பட்டிருந்தால் நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். விஷத்தின் வகை தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்தைச் சீக்கிரம் தர முடியும்.

வரும்போது பழைய சீட்டையும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். ‘வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. ஏழு மணிக்குள் வந்துவிட்டால் டெஸ்ட் எடுக்க நேரம் இருக்கும்; எட்டு மணியை ஒட்டி வந்தால் டாக்டரைப் பார்க்கலாம், டெஸ்ட் மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம்.