ஒப்படைப்புக் குறிப்பில் தேதிகள் எதற்கு?

இணையத்தில் புடவை விற்கும் ஒரு கடை. தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கூகுள் அனலிட்டிக்ஸில் கவனித்துவந்த பகுப்பாய்வாளர் வேலையை விட்டுப் போகிறார். அடுத்து வருபவருக்கு அவர் என்ன எழுதி வைக்க வேண்டும்?

முதலில் கணக்கின் அமைப்பு. மேலே நிறுவனத்தின் அக்கவுண்ட், அதற்குள் பிராப்பர்ட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இணையதளம், செயலி எனத் தரவு வந்து சேரும் டேட்டா ஸ்ட்ரீம்கள். இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். எந்த பிராப்பர்ட்டி உண்மையான விற்பனைக்கு, எது சோதனைக்கு என்பதைத்தான் எழுத வேண்டும். நிர்வாகி உரிமை போகிறவரின் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், அவர் கிளம்பும் முன்பே இன்னொருவருக்கும் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தரவின் கோளாறுகள். நம் கடையில் பிப்ரவரியில் 400 ஆர்டர்கள் வந்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. அனலிட்டிக்ஸோ 436 என்கிறது. பணம் கட்டியபின் வரும் நன்றிப் பக்கத்தை வாடிக்கையாளர் மறுபடி திறந்தபோதெல்லாம் `purchase` நிகழ்வு இன்னொரு முறை பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண்ணை `transaction_id` என்று சேர்த்து அனுப்பினால், அதே வாடிக்கையாளரிடமிருந்து அதே எண்ணில் மீண்டும் வருவதை அனலிட்டிக்ஸ் தள்ளிவிடும். மார்ச் 12 அன்று அப்படித் திருத்தினார்கள்.

ஏப்ரலிலும் புத்தகத்தில் 400 ஆர்டர்கள்தான். ஆனால் அனலிட்டிக்ஸ் இப்போது 380 காட்டுகிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் பலருடைய ஆர்டர் அதில் பதிவாவதில்லை. அந்தக் குறை முன்பும் இருந்தது, இரட்டைப் பதிவுகள் அதை மறைத்திருந்தன. இந்த விவரம் தெரியாமல் இரண்டு மாதங்களை ஒப்பிடுகிற புதியவர், விற்பனை 13 சதவீதம் சரிந்துவிட்டதாக அறிக்கை எழுதுவார். பழைய பதிவுகளை அனலிட்டிக்ஸ் திருத்திக்கொள்ளாது. ஆகவே குறிப்பில் நான்கு விஷயங்கள் வேண்டும்: மாற்றிய தேதி, காரணம், எண்ணிக்கை எவ்வளவு மாறியது, எந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

கடைசியாக அறிக்கை வழக்கம். அனலிட்டிக்ஸ் தரவு முழுமையாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். திங்கள் காலையில் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை குறைவாகத் தெரியும். புதன்கிழமை பார்த்தால் அதே நாள் கூடியிருக்கும். ‘வார அறிக்கை புதன்கிழமை’ என்பதோடு இந்தக் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால், வேகமாக வேண்டும் என்று யாராவது கேட்ட அன்றே புதியவர் அறிக்கையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிடுவார்.