நிகழ்தகவின் கதை – 17: மூன்று, நான்கு, ஐந்து

பரிசுச்சீட்டு என்றதும் தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு நினைவுக்கு வருவது, 1968-இல் மாநில அரசு தொடங்கியதும் 2003-இல் தடைசெய்யப்பட்டதுமான, எண் முன்கூட்டியே அச்சிடப்பட்ட சீட்டாகும். அதில் வாங்குபவர் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாததால் கணக்கும் ஒரு வகுத்தலோடு முடிந்துவிடும். பிரிட்டனில் 1994 நவம்பர் 19 அன்று முதல் குலுக்கலை நடத்திய தேசிய லாட்டரி வேறு வகையைச் சேர்ந்தது. அன்று ஒரு பவுண்டு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறைக் குறித்துக் கொடுப்பார். பின்னர் 49 பந்துகள் கொண்ட இயந்திரத்திலிருந்து ஆறு பந்துகள் ஒவ்வொன்றாக வெளிவரும். இரண்டு பட்டியலுக்கும் பொதுவான எண்கள் எத்தனை என்பதே பரிசைத் தீர்மானிக்கும். தொடக்கத்தில் மூன்று பொருந்தினாலே 10 பவுண்டு கிடைத்தது. 2015 அக்டோபர் வரை இந்த 49 பந்து முறையே நீடித்தது.

சென்ற வாரம் கண்ட ஈருறுப்புப் பரவலை இங்கே அப்படியே பயன்படுத்தலாம் என்று தோன்றக்கூடும்; ஏனெனில் ஒவ்வொரு பந்தும் பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற இரண்டே முடிவுகள் உள்ளன. ஆனால் அந்தப் பரவல், ஒவ்வொரு முயற்சியிலும் வெற்றி வாய்ப்பு மாறாமலிருக்க வேண்டும் என்று கோருகிறது. நாணயத்தைச் சுண்டும்போது இந்த நிபந்தனை நிறைவேறும். லாட்டரியில் நிறைவேறாது, ஏனெனில் வெளியே வந்த பந்து திரும்ப இயந்திரத்துக்குள் போடப்படுவதில்லை. முதல் பந்து சீட்டிலுள்ள எண்களுள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 6/49. அது பொருந்திவிட்டால், மீதமுள்ள 48 பந்துகளில் சீட்டுக்கு உதவக்கூடியவை ஐந்துதான் என்பதால், அடுத்த வாய்ப்பு 5/48 ஆகிறது. அதுவும் பொருந்தினால் 4/47. இவ்வாறு எடுத்ததைத் திரும்பப் போடாமல் எடுக்கும் முறைக்கு உரிய பரவலே ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் எனப்படுகிறது. பெயர்தான் மிரட்டுகிறதே தவிர, உள்ளே இருப்பது பள்ளியில் படித்த சேர்வுக் கணக்கு மட்டுமே.

49 பந்துகளிலிருந்து வரிசையைப் பொருட்படுத்தாமல் ஆறை எத்தனை விதமாக எடுக்கலாம் என்பதை C(49,6) என்று குறித்தால், அதன் மதிப்பு 1,39,83,816. பந்துகளும் இயந்திரமும் நேர்மையானவை என்றால் இவை அனைத்தும் சம வாய்ப்புடையவை. ஆகவே இவற்றுள் எத்தனை விதங்களில் சரியாக மூன்று எண்கள் பொருந்துகின்றன என்று எண்ணுவதே மீதமுள்ள வேலை. சீட்டு வாங்கியவரின் பார்வையில் 49 பந்துகளும் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன: அவர் குறித்த ஆறு, குறிக்காத 43. சரியாக மூன்று பொருந்த வேண்டுமானால், வெளிவரும் ஆறில் மூன்று முதல் கூட்டத்திலிருந்தும் மூன்று இரண்டாம் கூட்டத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். முதலாவது C(6,3) = 20 விதங்களிலும், இரண்டாவது C(43,3) = 12,341 விதங்களிலும் நிகழலாம்; முதலாவதில் எந்த ஒன்றும் இரண்டாவதில் எந்த ஒன்றோடும் சேரலாம் என்பதால் இரண்டையும் பெருக்க வேண்டும். பொதுவாக k எண்கள் பொருந்துவதற்கான நிகழ்தகவு இது:

```
P(k) = C(6,k) × C(43,6−k) / C(49,6)
```

மூன்றுக்குக் கிடைக்கும் பெருக்கற்பலன் 2,46,820. இதை மொத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழ 57-இல் ஒன்று. நான்கு பொருந்துவதற்கு C(6,4) × C(43,2), அதாவது 15 × 903 = 13,545 விதங்களே உள்ளன; வாய்ப்பு 1,032-இல் ஒன்று. ஐந்துக்கு 6 × 43 = 258 விதங்கள்தாம்; வாய்ப்பு 54,201-இல் ஒன்று. இந்த லாட்டரியில் ஏழாவதாக ஒரு கூடுதல் பந்தும் எடுக்கப்பட்டு, ஐந்தோடு அதுவும் பொருந்தியவருக்குப் பெரிய பரிசு தனியாக வழங்கப்பட்டதால், 258-இல் 6 அந்த வகைக்குப் போய்விடும். வெறும் ஐந்துக்கு எஞ்சும் 252 விதங்களைக் கொண்டு கணக்கிட்டால் வாய்ப்பு 55,491-இல் ஒன்று. ஒரே லாட்டரிக்கு ஐந்து எண் பொருத்தத்தின் வாய்ப்பு இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பவர் குழம்பத் தேவையில்லை. காரணம் இந்த ஆறுதான்.

கணக்கு சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. k-க்கு 0 முதல் 6 வரை எல்லா மதிப்புகளையும் இட்டு விதங்களைக் கூட்டினால் 1,39,83,816 கிடைத்தாக வேண்டும். ஒன்றுகூடப் பொருந்தாதவை 60,96,454; ஒன்று பொருந்துபவை 57,75,588; இரண்டு பொருந்துபவை 18,51,150; மேலே கண்ட மூன்று எண்ணிக்கைகளையும் ஆறும் பொருந்தும் ஒரே ஒரு விதத்தையும் சேர்த்தால் கூட்டுத்தொகை பிசகாமல் வருகிறது. நூறு சீட்டுகளில் ஏறத்தாழ 85, ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் பொருந்தும் என்பதையும் இந்தக் கூட்டல் காட்டிவிடுகிறது.

ஈருறுப்புப் பரவலைத் தவறுதலாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? வாய்ப்பு எப்போதும் 6/49 என்று கொண்டால், மூன்று பொருந்துவது 40-இல் ஒன்று என்று வரும். உண்மை 57-இல் ஒன்று என்பதால் இந்தப் பிழையைச் சிலர் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் ஐந்துக்கு அதே வழி ஏறத்தாழ 6,900-இல் ஒன்று என்கிறது, அதாவது உள்ளதைப் போல எட்டு மடங்கு நம்பிக்கை ஊட்டுகிறது. பொருத்தம் கூடக் கூடப் பிழை பெருகுவதன் காரணம் வெளிப்படையானது: நான்கு பந்துகள் பொருந்திய பின் உதவக்கூடிய பந்துகள் 45-இல் இரண்டே, அதாவது 4.4 விழுக்காடு, தவறான கணக்கோ அங்கும் 12.2 விழுக்காட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மொத்தப் பந்துகள் பல்லாயிரமாக இருந்து சீட்டிலும் பல எண்கள் இருந்தால் இரண்டு பரவல்களும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்; 49-க்கு அந்தச் சலுகை இல்லை.

57-இல் ஒன்று என்பதை வாரம் ஒரு சீட்டு வாங்குபவர், 57 வாரங்களில் ஒருமுறை நிச்சயம் விழும் என்று படித்துவிடுவதுண்டு. ஒரு குலுக்கல் அடுத்ததைப் பாதிப்பதில்லை என்பதால், 57 வாரமும் மூன்று எண் பொருத்தம் கிட்டாமல் போகும் வாய்ப்பைத் தனியே கணக்கிட்டால் அது ஏறத்தாழ 36 விழுக்காடு. அதாவது அவ்வாறு வாங்கும் நூறு பேரில் முப்பத்தாறு பேருக்கு ஓராண்டுக்கு மேலாகியும் மூன்று பொருந்தியிருக்காது. நான்கு பொருந்துவதற்கான சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 20 ஆண்டுகள். ஐந்துக்கு 1,042 ஆண்டுகள்.

இந்தச் சூத்திரம் எந்த எண்ணைக் குறித்தாலும் ஒன்றுதான். பிறந்தநாளுக்கும் ‘அதிர்ஷ்ட’ எண்ணுக்கும் அது வேறுபாடு காட்டாது. ஆனால் பரிசைப் பகிர்வோர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. 1995 ஜனவரி 14 குலுக்கலில் 7, 17, 23, 32, 38, 42 என்ற எண்கள் வந்தன. விற்றிருந்த ஏறத்தாழ 7 கோடிச் சீட்டுகளுக்கு ஆறும் பொருந்தியவர் சுமார் ஐவர் இருப்பர் என்று கணக்கு எதிர்பார்க்க, இருந்தவர் 133 பேர், ஏறத்தாழ 1.6 கோடிப் பவுண்டு பிரிந்து ஆளுக்கு 1,22,510 பவுண்டு ஆனது. பந்துகளின் பேரில் குற்றமில்லை. மனிதர்கள் எண்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதில்லை.

2015-இல் பந்துகள் 59 ஆக்கப்பட்டபோது, மேற்கண்ட சூத்திரத்தில் 43-க்குப் பதிலாக 53 வந்தது; C(59,6) = 4,50,57,474 என்பதால் மூன்று பொருந்தும் வாய்ப்பு 96-இல் ஒன்றாகச் சரிந்தது. நான்கு, ஐந்து ஆகியவற்றுக்கான விடைகளை வாசகர்கள் தாமே கணக்கிட்டு வைத்திருந்தால், அடுத்த வாரம் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.